இரண்டு சமன்பாடு, இரண்டு வழி, ஒரு சரிபார்ப்பு

ஒன்பது நாரத்தங்காயும் ஏழு விளாம்பழமும் சேர்ந்து விலை 107. ஏழு நாரத்தங்காயும் ஒன்பது விளாம்பழமும் சேர்ந்து விலை 101. அப்படியானால் ஒரு நாரத்தங்காய் என்ன விலை, ஒரு விளாம்பழம் என்ன விலை?

இந்தக் கணக்குக்கு வயது ஆயிரத்து நூறுக்கு மேல். கி.பி. 9ஆம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த சமணக் கணித அறிஞர் மகாவீரர் தம்முடைய ‘கணித சார சங்கிரகம்’ என்ற வடமொழி நூலில் இதைத் தந்திருக்கிறார். அந்த நூலை ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பித்தவர் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ரங்காச்சாரியார். 1912இல் சென்னை அரசு அச்சகத்தில் அது அச்சானது.

இதே கணக்கைத்தான் இன்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருங்கமை நேரியல் சமன்பாடுகள் என்ற தலைப்பில் போடுகிறார்கள். தெரியாதவை இரண்டு, அவற்றைப் பற்றிய செய்திகளும் இரண்டு. இரண்டு செய்தியும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க வேண்டும். நாரத்தங்காயின் விலையை x என்றும் விளாம்பழத்தின் விலையை y என்றும் வைத்தால் கணக்கு இப்படி நிற்கும்:

9x + 7y = 107
7x + 9y = 101

இதைத் தீர்க்கப் பள்ளியில் முக்கியமாக இரண்டு வழி சொல்லித் தருகிறார்கள். ஒன்று பிரதியிடும் முறை, மற்றொன்று நீக்கல் முறை. பயிற்சித்தாளில் பத்துக் கணக்கு இருக்கும். எந்தக் கணக்குக்கு எந்த முறை என்று அதில் எழுதியிருக்காது. பெரும்பாலான பிள்ளைகள் தங்களுக்குப் பழகிப்போன ஒரே முறையைப் பத்துக்கும் போடுகிறார்கள். விடை வரத்தான் செய்யும், ஏனென்றால் சரியாகச் செய்தால் இரண்டு முறையும் ஒரே விடையைத்தான் தரும். ஆனால் பொருந்தாத முறையை எடுத்தால் வழியெங்கும் பின்னம் முளைக்கும், குறி மாறும், பிழை நுழைய இடம் கிடைக்கும். ஆகவே பென்சிலை எடுக்குமுன் சமன்பாட்டை ஒரு முறை நிதானமாகப் பார்ப்பது அவசியம். பார்க்க வேண்டியது கெழுக்களை, அதாவது x, y ஆகியவற்றின் முன்னால் நிற்கும் எண்களை.

பிரதியிடுவது எப்போது?

ஏதாவது ஒரு மாறி ஏற்கெனவே தனியாக நின்றாலோ, அதன் கெழு 1 அல்லது −1 ஆக இருந்தாலோ பிரதியிடும் முறைதான் சுலபம். இந்தக் கணக்கைப் பாருங்கள்:

y = 2x − 5
3x + 4y = 13

முதல் சமன்பாடு y என்பது என்ன என்று நேராகவே சொல்லிவிட்டது. அதை இரண்டாவதில் y இருக்கும் இடத்தில் வைத்தால் 3x + 4(2x − 5) = 13. இப்போது தெரியாதது ஒன்றுதான். விரித்தால் 3x + 8x − 20 = 13, அதாவது 11x = 33, x = 3. முதல் சமன்பாட்டில் போட்டால் y = 6 − 5 = 1.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரே இடம் அந்த அடைப்புக்குறி. y வெளியேறிய இடத்தில் 2x − 5 என்ற முழுக்கோவையும் வந்து உட்காருகிறது. அதனால் 4 என்பது இரண்டு உறுப்பையும் பெருக்க வேண்டும். அடைப்புக்குறி போடாமல் அவசரத்தில் 3x + 8x − 5 = 13 என்று எழுதினால் 11x = 18 என்று வந்து, x = 18/11 என்ற பின்னத்தில் போய் நிற்கும். பாடப்புத்தகக் கணக்கில் இப்படி அசிங்கமான பின்னம் வந்தாலே எங்கோ தவறு என்று சொல்லிவிட முடியாது, பின்ன விடையுள்ள கணக்குகளும் உண்டு. ஆனால் ஒரு முறை திரும்பிப் பார்க்க அது போதுமான காரணம்.

நீக்குவது எப்போது?

இரண்டு சமன்பாட்டிலும் ஒரே மாறியின் கெழு சமமாகவோ, குறி மட்டும் எதிராகவோ இருந்தால் நீக்கல் முறை இரண்டே வரியில் முடிந்துவிடும்.

3x + 2y = 18
5x − 2y = 14

இரண்டையும் கூட்டினால் 2y-யும் −2y-யும் அடிபட்டுப் போகும். 8x = 32, x = 4. முதலாவதில் போட்டால் 12 + 2y = 18, y = 3.

ஒரு சமன்பாட்டோடு இன்னொன்றைக் கூட்டலாம் என்பதற்கு என்ன நியாயம்? ஒவ்வொரு சமன்பாடும் சமமாக நிற்கும் தராசு மாதிரி. அதன் இடப்பக்கத் தட்டில் 5x − 2y-ஐயும் வலப்பக்கத் தட்டில் 14-ஐயும் வைத்தால், இரண்டும் ஒரே எடை என்பதால் முள் அசையாது. கழித்தாலும், இரு பக்கத்தையும் ஒரே எண்ணால் பெருக்கினாலும் இதே நியாயம்தான். பெருக்கும்போது வலப்பக்கத்து எண்ணையும் மறக்காமல் பெருக்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே வருகிறது.

கெழுக்கள் நேராகப் பொருந்தாவிட்டால் நாமே பொருத்திக்கொள்ளலாம்:

4x − 3y = 17
6x + 5y = −3

எந்த மாறியும் தனியாக இல்லை, எந்தக் கெழுவும் 1 இல்லை. பிரதியிடப் போனால் x = (17 + 3y)/4 என்ற பின்னத்தைக் கணக்கு முழுக்கத் தூக்கிச் சுமக்க வேண்டும். அதைவிட x-இன் கெழுக்களான 4, 6 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 12 என்பதால், முதல் சமன்பாட்டை 3-ஆலும் இரண்டாவதை 2-ஆலும் பெருக்குவது நல்லது:

12x − 9y = 51
12x + 10y = −6

மேலிருந்து கீழதைக் கழித்தால் −19y = 57, y = −3. முதல் சமன்பாட்டில் போட்டால் 4x + 9 = 17, x = 2.

மகாவீரரின் பழக்கணக்கு இன்னும் அழகானது. அங்கே கெழுக்கள் 9, 7 என்றும் 7, 9 என்றும் இடம் மாறி நிற்கின்றன. இப்படி இருந்தால் எதையும் பெருக்க வேண்டாம். இரண்டையும் கூட்டினால் 16x + 16y = 208, சுருக்கினால் x + y = 13. கழித்தால் 2x − 2y = 6, சுருக்கினால் x − y = 3. கூட்டினால் 13, கழித்தால் 3 தரும் இரண்டு எண்கள் 8-உம் 5-உம். நாரத்தங்காய் 8, விளாம்பழம் 5. கெழுக்களைப் பார்க்காமல் 9-ஆலும் 7-ஆலும் பெருக்கத் தொடங்கியவர் 963, 707 என்று பெரிய எண்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பார்த்தவருக்கு வாய்க்கணக்காகவே முடிந்துவிடும்.

தவறு நுழையும் இடம்

நீக்கல் முறையில் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது கழித்தலில். மேலே போட்ட கணக்கையே எடுத்துக்கொள்வோம். 12x − 9y = 51 என்பதிலிருந்து 12x + 10y = −6 என்பதைக் கழிக்கும்போது, கீழ்வரியின் எல்லா உறுப்புக்கும் குறி மாற வேண்டும். ஒரு மாணவி 12x-ஐ மட்டும் அடித்துவிட்டு மற்றவற்றின் குறியை மாற்ற மறந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு −9y + 10y = 51 − 6 என்று வரும். y = 45.

இந்த y-ஐ முதல் சமன்பாட்டில் போடுகிறாள்: 4x − 135 = 17. 4x = 152. x = 38. முழு எண் வந்துவிட்டது. பின்னம் இல்லை, சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆசிரியர் சொல்லியிருக்கிறாரே என்று சரியும் பார்க்கிறாள். முதல் சமன்பாட்டையே மறுபடி எடுத்து 4 × 38 − 3 × 45 = 152 − 135 = 17 என்று எழுதி, பக்கத்தில் ஒரு ‘சரி’யும் போட்டுவிடுகிறாள்.

விடை தவறு. ஆனாலும் சரிபார்ப்பு தேறிவிட்டது. எப்படி?

x = 38 என்பதை அவள் கண்டுபிடித்ததே முதல் சமன்பாட்டைக் கொண்டுதான். y-க்கு எந்த எண்ணை வைத்தாலும், அந்தச் சமன்பாடு பொருந்தும்படியான ஒரு x-ஐ அது தேடித் தந்துவிடும். y-க்கு 100 வைத்திருந்தாலும் ஒரு x கிடைத்திருக்கும், அதுவும் முதல் சமன்பாட்டில் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். எனவே கடைசியாகப் பயன்படுத்திய சமன்பாட்டிலேயே திரும்பப் பிரதியிடுவது, அந்தக் கடைசி வரியின் கூட்டல் கழித்தல் சரியா என்று பார்ப்பது மட்டும்தான். அதற்கு முன்னால் நடந்த எதையும் அது சோதிக்காது.

அதே விடையை இரண்டாவது சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: 6 × 38 + 5 × 45 = 228 + 225 = 453. வர வேண்டியது −3. ஒரே வரியில் பிழை பிடிபட்டுவிட்டது. சரியான விடையான x = 2, y = −3 ஐப் போட்டால் முதலாவதில் 8 + 9 = 17, இரண்டாவதில் 12 − 15 = −3. இரண்டும் பொருந்துகின்றன.

ஆகவே, விடையை இரண்டு சமன்பாட்டிலும் போட்டுப் பார்க்க வேண்டும். நேரமில்லை, ஒன்றில் மட்டும்தான் பார்க்க முடியும் என்றால், கடைசியாகப் பயன்படுத்தாத மற்றொன்றில் பாருங்கள். இன்னொன்றும் முக்கியம். பார்ப்பது கேள்வித்தாளில் அச்சாகியிருக்கும் மூலச் சமன்பாடாக இருக்க வேண்டும். நாம் பெருக்கி எழுதிக்கொண்ட 12x − 9y = 51 போன்ற வரியில் பார்த்தால், பெருக்கும்போதே தவறு செய்திருந்தால் அது கடைசிவரை தெரியவே தெரியாது.

கதையிலேயே சரிபாருங்கள்

வாக்கியமாகத் தரப்படும் கணக்கில் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். மகாவீரரின் கணக்கைப் படித்த ஒருவர், விலைகளை இடம் மாற்றி 9x + 7y = 101 என்றும் 7x + 9y = 107 என்றும் எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு x = 5, y = 8 என்று வரும். அவர் எழுதிய இரண்டு சமன்பாட்டிலும் போட்டுப் பார்த்தால் 45 + 56 = 101, 35 + 72 = 107. இரண்டும் சரி. ஆனால் விடை தலைகீழ்.

தவறு தீர்த்ததில் இல்லை, சமன்பாடாக எழுதியதில் இருக்கிறது. சமன்பாட்டில் சரிபார்த்தால் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. எனவே x, y எல்லாவற்றையும் மறந்துவிட்டு, கேள்வியின் வாக்கியத்தை மறுபடி படிக்க வேண்டும். ஒன்பது நாரத்தங்காய், ஒன்று 5 வீதம் 45. ஏழு விளாம்பழம், ஒன்று 8 வீதம் 56. மொத்தம் 101. கேள்வி சொன்னதோ 107. அங்கேயே தெரிந்துவிடும். கதைக் கணக்கின் சரிபார்ப்பு கதையில்தான் நடக்க வேண்டும்.

வர்க்கம் சேர்ந்து வந்தால்

பெரிய வகுப்புக்குப் போனால் ஒரு சமன்பாடு நேரியலாகவும் மற்றொன்றில் வர்க்கமும் வரும். x + y = 7, x² + y² = 25 என்பது அப்படிப்பட்டது. இங்கே கூட்டியோ கழித்தோ ஒரு மாறியை நேராக நீக்க முடியாது, பிரதியிடும் முறைதான் இயல்பான வழி. y = 7 − x என்று வைத்து விரித்தால் x² − 7x + 12 = 0. x = 3 அல்லது x = 4.

இனி y-ஐக் காண எந்தச் சமன்பாட்டுக்குப் போவது என்பதில் ஒரு பொறி இருக்கிறது. x = 3 ஐ வர்க்கச் சமன்பாட்டில் போட்டால் y² = 16; y என்பது 4-உம் ஆகலாம், −4-உம் ஆகலாம். (3, −4) என்ற சோடி வர்க்கச் சமன்பாட்டில் பொருந்தும். x + y = 7 என்பதில் போட்டால் −1 வரும், எனவே அது விடை அல்ல. நேரியல் சமன்பாட்டுக்கே திரும்பியிருந்தால் இந்தப் போலி விடை பிறந்தே இருக்காது. உண்மையான விடைகள் (3, 4), (4, 3) என்ற இரண்டு சோடிகள் மட்டுமே.

சரிபார்ப்புக்கும் எல்லை உண்டு

திரும்பப் பிரதியிட்டு இரண்டும் பொருந்தினால், நம் கையில் இருப்பது ஒரு தீர்வு என்பது உறுதி. ஆனால் அது ஒன்றுதான் தீர்வு என்பதற்கு அது சாட்சி அல்ல. 2x + 3y = 7, 4x + 6y = 14 என்ற சோடியில் x = 2, y = 1 பொருந்தும்; x = 5, y = −1-உம் பொருந்தும். காரணம், இரண்டாவது சமன்பாடு முதலாவதன் இரட்டிப்பு. புதிய செய்தி எதுவும் அதில் இல்லை. நீக்கிப் பார்த்தால் 0 = 0 என்று வந்து நிற்கும், எண்ணிலடங்காத தீர்வுகள் உண்டு என்று அதற்குப் பொருள். வலப்பக்கம் 14-க்குப் பதில் 15 இருந்தால் 0 = 1 என்று வரும். அப்போது தீர்வே கிடையாது. இப்படி வந்தால் பிள்ளைகள் தாங்கள் ஏதோ தவறாகப் போட்டுவிட்டதாக நினைத்து அழித்துவிடுகிறார்கள். அழிக்க வேண்டியதில்லை, அந்த வரியே விடையைச் சொல்லிவிட்டது.

இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளக் கெழுக்களைக் குறுக்காகப் பெருக்கினால் போதும். 2 × 6 = 12, 4 × 3 = 12. இரண்டு பெருக்கலும் சமமானால், இரண்டு நேர்க்கோடுகளும் இணையாகவோ ஒன்றின்மேல் ஒன்றாகவோ கிடக்கின்றன. சமமாகாவிட்டால் அவை ஒரே ஒரு புள்ளியில்தான் வெட்டும், தீர்வும் ஒன்றே ஒன்று.

பெருக்கல்கள் சமமாகாமல், ஆனால் மிக நெருங்கி வரும்போது நிலைமை சிக்கலாகும். இந்தச் சோடியைப் பாருங்கள்:

780x + 563y = 217
913x + 659y = 254

ஒருவர் கால்குலேட்டரில் தசமங்களைத் தோராயமாக்கிப் போட்டு x = 0.341, y = −0.087 என்று விடை சொல்கிறார். முதல் சமன்பாட்டில் போட்டால் 216.999 வருகிறது. இரண்டாவதில் போட்டால் 254 அச்சு அசலாக வருகிறது. ஆயிரத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம், யாராக இருந்தாலும் சரி என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் உண்மையான விடை x = 1, y = −1. போட்டுப் பாருங்கள்: 780 − 563 = 217, 913 − 659 = 254. விடை எங்கோ இருக்க, சரிபார்ப்பு மட்டும் ஏறக்குறையப் பொருந்திவிட்டது.

குறுக்குப் பெருக்கல் இதற்குக் காரணம் சொல்கிறது. 780 × 659 = 514020; 913 × 563 = 514019. வித்தியாசம் வெறும் 1. அதாவது இந்த இரண்டு நேர்க்கோடுகளும் ஏறக்குறைய இணையாக ஓடுகின்றன. ஒன்றையொன்று ஒட்டியே நெடுந்தூரம் போவதால், வெட்டும் புள்ளியை விட்டு வெகுதூரம் விலகிய புள்ளிகூட இரண்டு கோட்டிலும் இருப்பது போலவே தோன்றும். எனவே குறுக்குப் பெருக்கல்கள் இப்படி நெருங்கி வந்தால் தசமத்துக்குப் போகாமல், பின்னமாகவே கடைசிவரை கொண்டுபோக வேண்டும். சரிபார்ப்பிலும் ‘கிட்டத்தட்ட’ என்பதற்கு இடம் தரக்கூடாது. 217 வர வேண்டிய இடத்தில் 217 வர வேண்டும், 216.999 அல்ல.

பயிற்சித்தாளை வைத்துக்கொண்டு

வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தரும் பெற்றோருக்கும், பயிற்சித்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கணக்குக்கும் விடை எழுதுமுன் எந்த முறை, ஏன் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ‘y தனியாக நிற்கிறது, பிரதியிடுகிறேன்’, ‘2y-யும் −2y-யும் இருக்கின்றன, கூட்டுகிறேன்’ என்ற அளவு போதும். கெழுக்களைப் பார்க்கும் பழக்கம் தானாக வந்துவிடும். அதேபோல விடைக்குக் கீழே இரண்டு வரி காலியாக விட்டு, இரண்டு மூலச் சமன்பாட்டிலும் போட்டுப் பார்த்ததை எழுதச் சொல்லுங்கள். ‘சரிபார்த்தேன்’ என்று வெறும் வார்த்தையாக எழுதினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். எண்கள் அங்கே நிற்க வேண்டும். தீர்க்கும் முறையைத் தேர்ந்தெடுப்பது பிள்ளையின் வசதி, அதில் யாரும் தலையிட வேண்டாம். ஆனால் அந்த இரண்டு வரி இல்லாத விடைக்கு முழு மதிப்பெண் போடாதீர்கள்.